'நான்' போனது, '-ஏன்' போகவில்லை

கல்லூரி மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது அடிக்கடி கண்ணில் படும் குறை இது: பத்தி முழுவதும் ஒவ்வொரு வாக்கியமும் 'நான்' என்றே தொடங்கும். குறையைச் சுட்டிக்காட்டினால் உடனே திருத்தியும் கொண்டுவருவார்கள். அந்தத் திருத்தம்தான் பெரும்பாலும் மூலத்தைவிட மோசமாக இருக்கிறது. அதனால் இங்கே 'நான்' என்ற குறையைவிட, அதைப் போக்க முயலும்போது நடக்கும் தவறுகளைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

தண்டையார்பேட்டை மாணவர் ஒருவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றி எழுதிய பத்தியை எடுத்துக்கொள்வோம்.

"நான் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் காசிமேட்டுக்குச் சென்றேன். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மீன் வாடையை உணர்ந்தேன். நான் ஏலம் நடக்கும் இடத்தைப் பார்த்தேன். நான் அங்கே ஒரு பெண்மணி சத்தமாக ஏலம் விடுவதைக் கேட்டேன். நான் அவர் அருகில் போய் நின்றேன். நான் ஒரு கூடை சங்கரா மீன் எவ்வளவு என்று அவரிடம் கேட்டேன். நான் அவர் சொன்ன விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தேன். நான் அப்போதுதான் இது மீன்பிடித் தடைக்காலம் என்பதை அறிந்தேன்."

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது, எட்டு 'நான்'களையும் அடித்துவிடுவது. ஆங்கிலத்தில் அது முடியாது. எழுவாய் போனால் வாக்கியமே நிற்காது. தமிழில் வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும் என்பதால் தாராளமாக அடிக்கலாம். பள்ளி இலக்கணத்தில் படித்த தோன்றா எழுவாய் இதுதான். ஆனால் அடித்த பிறகு பத்தியை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: சென்றேன், உணர்ந்தேன், பார்த்தேன், கேட்டேன், நின்றேன், கேட்டேன், அடைந்தேன், அறிந்தேன். முன்வாசலில் நின்றிருந்த ஆள் பின்வாசலுக்குப் போய் நிற்கிறார், அவ்வளவுதான். தமிழ் வாக்கியம் வினையில் போய் முடிவதால் வாசகரின் காது கடைசிச் சொல்லில்தான் தங்குகிறது. எட்டு முறை ஒரே 'ஏன்' ஓசை விழுந்தால், தொடக்கத்தில் 'நான்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் சலிப்பு ஒன்றுதான்.

'வாக்கியத்தை வேறு சொல்லில் தொடங்கு' என்ற ஆங்கிலப் பாடநூல் அறிவுரையும் இதே காரணத்தால் நமக்குப் பாதிதான் உதவும். 'காசிமேட்டுக்கு நான் சென்றேன்' என்று இடம் மாற்றுவது தமிழில் மிக எளிது. எளிது என்பதாலேயே அது எதையும் மாற்றுவதில்லை. வரைவைச் சோதிக்க விரும்புகிறவர் முதல் சொல்லை விட்டுவிட்டு ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் பென்சிலால் வட்டமிட்டுப் பார்க்கட்டும். நோய் அங்கேதான் தெரியும்.

அடுத்த தவறு ஆளுக்கு வேடம் போடுவது. 'என்னால் ஏலக் கூடம் பார்வையிடப்பட்டது' என்று அரசாணை நடைக்குத் தாவுகிறார்கள். இல்லாவிட்டால் 'என் கண்கள் கண்டன, என் மூக்கு உணர்ந்தது, என் மனம் அதிர்ந்தது' என்று உடலைத் துண்டு துண்டாக வேலைக்கு அனுப்புகிறார்கள். இதைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. பழைய 'நான்' எவ்வளவோ மேல்.

மூன்றாவது தவறு நம் மொழிக்கே உரியது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. எட்டு வாக்கியங்களையும் வினையெச்சங்களால் ஒட்டி ஒன்றாக்கிவிடுவார்கள்: 'காசிமேட்டுக்குச் சென்று, பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏலக் கூடத்தைப் பார்த்து, பெண்மணியின் அருகில் நின்று, விலை கேட்டு, அதிர்ந்து...' இப்படி எட்டு 'ஏன்' ஒன்றாகக் குறைந்துவிடும். ஆனால் எதுவுமே முக்கியமில்லாமலும் போய்விடும். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் விலையைக் கேட்டு அதிர்ந்ததும் ஒரே எடையில் நிற்கின்றன. இரண்டு எச்சங்களுக்கு மேல் ஒரு வாக்கியம் தாங்காது என்பது என் கணக்கு. மூன்றாவது வந்தால் எது முதன்மைச் செய்தி என்று யோசிக்க வேண்டும்.

இந்த வழியில் இன்னொரு குழியும் உண்டு. செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் பெரும்பாலும் வாக்கியத்தின் எழுவாயோடு ஒட்டிக்கொள்ளும். 'பஸ்ஸிலிருந்து இறங்கி மீன் வாடை அடித்தது' என்று எழுதினால், பஸ்ஸிலிருந்து இறங்கியது மீன் வாடைதான் என்றாகிறது. டிக்கெட் எடுத்ததா என்று வாசகர் கேட்கலாம். 'நான்' இருந்தவரை மறைந்திருந்த இந்தக் கோளாறு, அதை எடுத்தவுடன் வெளியே வரும். எழுவாய் மாறும் இடத்தில் 'இறங்கியதும்', 'இறங்கும்போது', 'இறங்கியவுடன்' போன்ற வடிவங்களே பொருந்தும். அவை தமக்கென வேறு எழுவாயைத் தாங்கும். 'இறங்கியதும் மீன் வாடை முகத்தில் அடித்தது' என்றால் இறங்கியவர் வேறு, அடித்தது வேறு என்பதில் குழப்பமில்லை.

இனி உண்மையான திருத்தம். ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து, 'இதில் செய்தி யாரைப் பற்றியது?' என்று கேட்க வேண்டும். மாணவரின் பத்தியில் உணர்ந்தேன், பார்த்தேன், ஏலம் விடுவதைக் கேட்டேன், அறிந்தேன் என்ற நான்கும் சாட்சி வினைகள். எழுதியவர் அங்கே இருந்தார் என்பதைத் தவிர அவை எதையும் சொல்வதில்லை. அது நமக்கு ஏற்கெனவே தெரியும். இவற்றில் எழுவாய் இடத்தை வாடைக்கும் ஏலக் கூடத்துக்கும் அந்தப் பெண்மணிக்கும் கொடுத்துவிடலாம். போய் நின்றதும் விலை கேட்டதும் அவரே செய்த செயல்கள். அவற்றில் 'ஏன்' இருப்பது நியாயம்.

இப்படிப் பிரிக்கும்போதுதான் ஒரு சங்கடம் முளைக்கிறது. 'ஏலம் நடக்கும் இடத்தைப் பார்த்தேன்' என்ற வாக்கியத்திலிருந்து 'பார்த்தேன்' என்பதை எடுத்தால் மிச்சம் எதுவுமில்லை. அங்கே என்ன இருந்தது? 'விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தேன்' என்பதிலும் அப்படியே. என்ன விலை, எதோடு ஒப்பிட்டால் அதிர்ச்சி? பார்க்காததை, எழுதாததை 'நான்' மூடி வைத்திருந்தது. இதை வாக்கிய அமைப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாது. எழுதியவர் தம் குறிப்பேட்டுக்கோ நினைவுக்கோ திரும்பிப் போக வேண்டும். அங்கும் ஒன்றும் கிடைக்காவிட்டால் வாக்கியத்தையே எடுத்துவிட வேண்டும்.

கேட்டபோது மாணவர் நிறையச் சொன்னார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அவர் போனது ஏப்ரல் கடைசியில். படகுகள் கட்டிக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார், எழுதவில்லை. பெண்மணி சொன்ன பதிலும் நினைவிருந்தது, அதையும் எழுதவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்த பிறகு பத்தி இப்படி ஆனது:

"காசிமேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மீன் வாடை முகத்தில் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, ஆனாலும் ஏலக் கூடத்தில் பாதி இடம் காலி. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஃபைபர் படகுகளில் வந்திறங்கிய பத்துப் பன்னிரண்டு கூடைகளைச் சுற்றித்தான் கூட்டம். நடுவில் ஒரு பெண்மணி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்று, ஒரு கூடை சங்கரா எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன விலைக்கு, போன மாதம் ஒரு கூடைக்குக் கொடுத்த பணத்தில் அரைக் கூடைதான் வரும். 'விசைப்படகு எல்லாம் கரையில் கிடக்கிறது. மீன் எங்கிருந்து வரும் தம்பி?' என்றார். தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது."

'ஏன்' ஒரே ஒரு முறை வருகிறது. அது அவர் வாய் திறந்து விலை கேட்கும் இடம் என்பதால் எடுப்பாகவும் இருக்கிறது. 'அதிர்ச்சி' என்ற சொல் போய்விட்டது. அரைக் கூடை கணக்கு அந்த வேலையைச் செய்கிறது. 'பாதி இடம் காலி', 'கூட்டம்' என்று வினையே இல்லாமல் முடியும் வாக்கியங்கள் இரண்டு இருக்கின்றன. தமிழில் இது இயல்பான அமைப்பு. மாணவர்கள் ஏனோ இதைப் பேச்சில் பயன்படுத்துவார்கள், கட்டுரை என்றதும் பயந்து 'காணப்பட்டது' சேர்த்துவிடுவார்கள்.

இந்தப் பத்தியிலும் கடைசிச் சொற்களை வட்டமிடச் சொன்னேன். 'நான்' நோயைத் தீர்க்கும் ஆர்வத்தில் எல்லாவற்றையும் பொருள்களிடம் ஒப்படைத்தால் அடித்தது, இருந்தது, கேட்டது, தெரிந்தது என்று '-அது' வரிசை ஒன்று உருவாகிவிடும். 'எனக்கு' என்பதிலும் இதே ஆபத்து: எனக்குத் தெரிந்தது, எனக்குக் கேட்டது, எனக்குத் தோன்றியது. ஒருமுறை வந்தால் அழகு, ஐந்து முறை வந்தால் பழைய கதைதான். மேலே உள்ள பத்தி தப்பித்ததற்குக் காரணம், படகுகள், பெண்மணி, அவருடைய பேச்சு என எழுவாய்கள் உண்மையிலேயே வேறுவேறாக இருந்ததுதான்.

'நான்' இருந்தே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. 'எல்லோரும் வாங்கினார்கள், நான் வாங்கவில்லை' என்ற எதிர்நிலையில் அதை எடுத்தால் வாக்கியம் நொண்டும். மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு எழுதும் புகார் மனு இன்னொன்று. மனுவின் முதல் வாக்கியம் 'எங்கள் தெருக் குழாயில் கலங்கிய தண்ணீர் வருகிறது' என்று குழாயிலிருந்து தொடங்கட்டும். 'நான் மேற்கண்ட முகவரியில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன், நான் ஒரு குடும்பத் தலைவி' என்று ஆரம்பித்தால், அலுவலர் தண்ணீர்ப் பிரச்சினைக்கு வருவதற்குள் பாதிப் பக்கம் போய்விடும். ஆனால் முன்பு புகார் கொடுத்ததைச் சொல்லும் வரியில் 'புகார் அளிக்கப்பட்டது' என்று எழுதாதீர்கள். யார் அளித்தது, எப்போது அளித்தது என்பது அங்கே சான்று. அந்த வரியில் தேதியோடு 'நான் நேரில் வந்து புகார் அளித்தேன்' என்றே இருக்க வேண்டும்.