அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஊர் வீட்டு மீட்டர்: சிங்கப்பூரிலிருந்து மாற்றும்போது எங்கே சறுக்குகிறோம்

யீஷூனில் எச்டிபி வீட்டு சோபாவில் உட்கார்ந்துகொண்டு ஊர் வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்ட அரை நிமிடம் போதும். சர்வீஸ் நம்பரைப் போட்டால் தொகை வரும், கட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அப்பா 2023 மார்ச்சில் இங்கே சிங்கப்பூரில் காலமானார். அதற்கப்புறம் இரண்டு வருடம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவர் பெயரிலேயே பில் கட்டிக்கொண்டிருந்தேன். முதல் தவறு அதுதான்.

பில் கட்டும் வரை ஒரு சிக்கலும் தெரியாது. மீட்டரை வேறு சுவருக்கு மாற்ற, ஒரு முனையை மும்முனை ஆக்க, கூரையில் சோலார் போட என்று மின்வாரியத்திடம் எதைக் கேட்டாலும் விண்ணப்பத்தில் நுகர்வோரின் கையெழுத்து வேண்டும். அவர்தான் இல்லையே. ஊர் வீட்டில் இருக்கும் அம்மா ஏசி போட ஆசைப்பட்டபோதுதான் இது தெரிய வந்தது.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறான எண்ணம் ஆதார். 2022 நவம்பரில் மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொன்னபோது பல வீடுகளில் இறந்தவர் அல்லது வெளிநாட்டில் இருப்பவர் பெயரிலுள்ள இணைப்பில் அங்கே குடியிருப்பவரின் ஆதாரை இணைத்தார்கள். நாங்களும் அம்மாவின் ஆதாரை இணைத்தோம். ‘அப்போதே அம்மா பெயருக்கு மாறிவிட்டது’ என்று தம்பி சத்தியம் செய்தான். இணைத்தது ஆதாரை மட்டும்தான், பெயர் அப்படியே இருந்தது. உங்கள் வீட்டில் எப்படி என்று சந்தேகமாக இருந்தால் கடைசியாகக் கட்டிய ரசீதை எடுத்துப் பெயரைப் பாருங்கள்.

சிங்கப்பூரின் எஸ்பி மின் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு போவதும் ஒரு தப்பு. இங்கே வீட்டில் இருப்பவர் பெயரில் கணக்கு. ஒன்றை மூடிவிட்டு இன்னொன்றைத் திறந்தால் வேலை முடிந்தது. ஊரில் இணைப்பு இடத்தோடும் வாரிசுரிமையோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம், வீட்டு வரி ரசீது போன்ற ஆதாரம் எல்லாம் தேவைப்படும். இவை வரிசையாகத்தான் வரும். முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடைக்காது. கடைசியில் போக வேண்டிய ஈ.பி. ஆபீசுக்கு நாங்கள் முதலில் ஓடினோம்.

இறப்புச் சான்றிதழில் சிங்கப்பூர்க்காரர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. 2022 மே 29 முதல் இங்கே காகிதச் சான்றிதழ் கிடையாது. மின்னிலக்கச் சான்றிதழைத்தான் ‘மை லெகசி’ தளத்திலிருந்து இறக்கிக்கொள்ள வேண்டும், அதுவும் 30 நாளுக்குள். காரியம், விருந்தினர், துக்கம் என்று அந்த 30 நாளும் போன வேகம் தெரியாது. விட்டுவிட்டால் பிறகு குடிநுழைவு ஆணையத்திடம் கட்டணம் கட்டி இறப்புப் பதிவேட்டு நகல் வாங்க வேண்டும். இறக்கிய கோப்பை வெறுமனே அச்செடுத்து ஊருக்கு அனுப்பினால் ‘முத்திரை எங்கே?’ என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். சிங்கப்பூர் சட்டக் கழகத்தில் அதற்கு அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் சான்று, வாங்கி அனுப்புங்கள். சிங்கப்பூரில் அப்போஸ்டில் முறை 2021 செப்டம்பர் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது.

அடுத்தது பெயர். ஈ.பி. கார்டில் அப்பா ‘சு. மாரிமுத்து’. சிங்கப்பூர் அடையாள அட்டையிலும் இறப்புச் சான்றிதழிலும் ‘மாரிமுத்து எஸ்/ஓ சுப்பையா’. ரேஷன் கார்டில் ‘மாரிமுத்து’ மட்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தைத் தட்டிய ஊழியர் அந்த எஸ்/ஓ-வைப் பார்த்துக் குழம்பி ‘மாரிமுத்து எஸ் ஓ’ என்று, என்னவோ இரண்டு இனிஷியல் போலப் போட்டுவிட்டார். வாரிசுச் சான்றிதழ் அப்படியே வந்துவிட்டது. அதைத் திருத்த மறுபடி தாலுகா ஆபீஸ். எனவே விண்ணப்பம் போகும் முன்பே அந்த முன்னோட்டப் பக்கத்தை வாட்சப்பில் அனுப்பச் சொல்லி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கூடவே, இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிப்பவைதான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட பிறகு எழுதலாம் என்று விட்டால் இன்னொரு மாதம் போகும்.

இனி, எங்களை உண்மையில் உலுக்கிய விஷயம். அப்பா போனபோது அப்பத்தா உயிரோடு இருந்தார். மனைவி, பிள்ளைகள் மட்டும்தான் வாரிசு என்று நாங்கள் நினைத்தோம். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இறந்த ஆணின் தாயும் முதல் வகுப்பு வாரிசு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக. எங்கள் சான்றிதழில் ஐந்து பெயர்: அம்மா, நான், தம்பி, ஜோகூரில் கட்டிக்கொடுத்த தங்கை, அப்பத்தா. (திருமணமான மகளை விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவளும் வாரிசுதான்.) 2023-இலேயே விண்ணப்பித்திருந்தால் ஐந்தாவது ஆளின் கைநாட்டை ஊரிலேயே வாங்கியிருக்கலாம். நாங்கள் 2025 வரை தூங்கினோம். 2024 நவம்பரில் அப்பத்தாவும் போய்விட்டார். இப்போது அப்பத்தாவின் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் இறங்குகிறது. பினாங்கில் இருக்கும் அத்தை, ஊரில் இருக்கும் சித்தப்பா இருவரும் உள்ளே வந்துவிட்டார்கள். அப்பத்தாவுக்கு இறப்புச் சான்றிதழ், தனியாக ஒரு வாரிசுச் சான்றிதழ், இன்னும் இரண்டு கையெழுத்து. ஒரு வீட்டு மீட்டருக்கு இத்தனை. பகை ஏதும் இல்லாத குடும்பம் எங்களுடையது, அதனால் பிழைத்தோம்.

பகை இல்லாவிட்டாலும் பயம் இருக்கும். தங்கையின் வீட்டுக்காரர் ‘கையெழுத்துப் போட்டால் வீட்டையே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்’ என்று தடுத்தார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் நாங்கள் அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் படித்தேன். ‘மேற்படி சொத்தில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை’ என்று இருந்தது. இணையத்தில் கிடைத்த மாதிரியை அப்படியே எடுத்ததன் விளைவு. மாப்பிள்ளை சொன்னதில் தப்பே இல்லை. மின் இணைப்பில் பெயர் மாறுவதால் சொத்துரிமை யாருக்கும் வராது, போகாது. கடிதமும் அதையே சொல்ல வேண்டும். நாங்கள் மாற்றி எழுதியது இது: ‘மேற்கண்ட எண்ணுள்ள மின் இணைப்பையும் அதன் வைப்புத்தொகையையும் எங்கள் தாயார் பெயருக்கு மாற்ற எனக்கு ஆட்சேபம் இல்லை. இக்கடிதம் மின் இணைப்புக்கு மட்டுமே பொருந்தும். சொத்தில் எனக்குள்ள உரிமையை இது பாதிக்காது.’ அன்று மாலையே, கையெழுத்துப் போடத் தயார் என்று ஜோகூரிலிருந்து செய்தி வந்தது.

வைப்புத்தொகையைக் கடிதத்தில் சேர்ப்பது முக்கியம். அப்பா கட்டிய டெபாசிட் அம்மா கணக்குக்குப் போகட்டும் என்று மற்ற வாரிசுகள் ஒப்புக்கொள்ளாவிட்டால் புதிதாக ஒரு டெபாசிட் கட்டச் சொல்ல வாய்ப்புண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்து அனுப்புவது பயன்படாது. இங்கே இன்னொரு குழப்பம்: சத்தியப் பிரமாண ஆணையரிடம் போவது மலிவு, ஆனால் அவர் கையெழுத்து சிங்கப்பூருக்குள் பயன்படுத்தும் பத்திரங்களுக்குத்தான். இந்தியாவுக்குப் போக வேண்டிய காகிதத்துக்கு நோட்டரி பப்ளிக்கைப் பார்க்க வேண்டும். அவர் தரும் சான்றுக்கு மேலே சட்டக் கழகத்தின் சான்று ஏறும். இரண்டும் சேர்ந்து நூறு வெள்ளியைத் தாண்டும் என்பதால் நானும் தம்பியும் தனித்தனியாக எடுக்காமல் ஒரே கடிதத்தில், ஒரே நாளில் கையெழுத்திட்டோம். அப்படிச் செய்ய முடியுமா என்று நோட்டரியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் ஒருவருக்குப் பவர் கொடுத்து வேலையை ஒப்படைப்பதாக இருந்தால் காலக்கெடுவை மறக்காதீர்கள். வெளிநாட்டில் எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும். பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த தீபாவளிக்கு எடுத்தால் ஆகாது.

விண்ணப்பம் இணையத்தில்தான். ஆனால் சிங்கப்பூர் எண்ணைக் கொடுத்தால் எட்டு இலக்கம், அங்கே கேட்பது பத்து. ஓடிபி வரும் எண் ஊரில் உங்களுக்காக எடுத்துச் சொல்லக்கூடியவருடையதாக இருக்கட்டும். நாங்கள் சித்தப்பா எண்ணைக் கொடுத்தோம். அவர் மதியம் தூங்குவார் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை, மூன்று ஓடிபி வீணாயிற்று. சர்வீஸ் நம்பரை முழுசாகப் போட வேண்டும்: முதல் இரண்டு இலக்கம் மண்டலம், அடுத்த மூன்று பிரிவு, அதற்கடுத்த மூன்று பகிர்மானம், மீதி வீட்டு எண். பழைய கார்டில் கடைசிப் பகுதி மட்டும் இருக்கும், புதிய பில்லில் முழுசாக இருக்கும். நிலுவை ஒரு ரூபாய் இருந்தாலும் முதலில் கட்டிவிடுங்கள்.

யார் பெயருக்கு மாற்றுவது என்பதில் தம்பிக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். அவன் என் பெயருக்கு மாற்றலாம் என்றான். நான் அம்மா பெயர் என்றேன். அங்கே குடியிருப்பவர், ஆதார் வைத்திருப்பவர், ஏதாவது என்றால் ஆபீசுக்கு நடந்து போய்க் கையெழுத்துப் போடக்கூடியவர் அவர்தான். அம்மாவுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை இதெல்லாம் செய்ய வேண்டும், உண்மைதான். வீடு பூட்டிக் கிடந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

வேலை முடிந்ததா என்று ஒப்புதல் குறுஞ்செய்தியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த பில்லைப் பாருங்கள். எங்களுக்கு அம்மா பெயர் ‘லட்சுமி’ என்று வந்தது, ஆதாரில் ‘லெட்சுமி’. உடனே சொன்னதால் அடுத்த சுற்றில் திருத்திக் கொடுத்தார்கள். ஏசிக்கான விண்ணப்பத்தில் அம்மா தானே கையெழுத்துப் போட்டார். அதற்குள் கோடை முடிந்துவிட்டிருந்தது.