படிவம் 4: மரணக் காரணத்தைக் கீழிருந்து மேலாக யோசியுங்கள்

இரவு இரண்டு மணிக்கு வார்டில் ஒருவர் இறந்துவிடுகிறார். உறவினர்கள் காத்திருக்கிறார்கள். டியூட்டி டாக்டர் மரணக் காரணச் சான்றிதழான படிவம் 4-ஐ எடுத்து, முதல் வரியில் 'கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்' என்று எழுதி, அடுத்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார். எழுதியது பொய்யில்லை. இதயமும் மூச்சும் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. எல்லா மரணத்துக்கும் பொருந்துவதால்தான் அது எந்த மரணத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

படிவத்தின் முதல் பகுதியில் ஏ, பி, சி என்று மூன்று வரிகள். ஏ வரியில் மரணத்தை நேரடியாகக் கொண்டுவந்த நோய். பி வரியில் அதை உண்டாக்கியது. சி வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது. நாட்டில் எந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற அட்டவணையில் ஒரு மரணத்துக்கு ஒரே காரணம்தான் ஏறும். அது தொடங்கிவைத்த காரணம். ஒழுங்காக எழுதிய படிவத்தில் முதல் பகுதியின் கடைசியில் நிற்பது. நாம் அதிகம் மெனக்கெடுவது ஏ வரிக்கு. கணக்கில் சேர்வதோ சி வரி.

ஒரு மாதிரியைப் பார்ப்போம். 58 வயதுக்காரர், 14 வருடமாகச் சர்க்கரை நோய். மூன்று வாரத்துக்கு முன் இடது பாதத்தில் வந்த புண் அழுகியது. கிருமி ரத்தத்தில் பரவி, கடைசி நாளில் செப்டிக் ஷாக். இதுபோக, ஆறு வருடமாக இதய ரத்தக்குழாய் அடைப்பு உண்டு. வழக்கமாக எழுதப்படுவது இப்படி: ஏ வரியில் அரெஸ்ட், பி வரியில் செப்டிசீமியா, சி வரி காலி, இரண்டாம் பகுதியில் சர்க்கரை நோய். அட்டவணைக்காக ஒவ்வொரு மரணத்துக்கும் நோய்க் குறியீடு போடுபவருக்கு அரெஸ்ட் உதவாது, மிச்சமிருப்பது செப்டிசீமியா. எனவே எந்தக் கிருமி என்று தெரியாத செப்டிசீமியாவுக்கான A41.9 என்ற குறியீடு விழும். சர்க்கரை நோய் கொன்ற ஒருவர் சர்க்கரை நோய்க் கணக்கில் வரவே மாட்டார்.

சரி, எப்படி எழுதியிருக்க வேண்டும்?

ஏ: செப்டிக் ஷாக் – 1 நாள்
பி: இடது பாதத்தில் சர்க்கரை நோய்ப் புண், அழுகல் – 3 வாரம்
சி: இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் – 14 வருடம்
இரண்டாம் பகுதி: இதய ரத்தக்குழாய் அடைப்பு நோய் – 6 வருடம்

எழுதியதும் கீழிருந்து மேலே, நடுவில் 'அதனால்' போட்டு வாசித்துப் பாருங்கள். சர்க்கரை நோய், அதனால் பாதம் அழுகியது, அதனால் ஷாக். எங்கேயும் இடறவில்லை. இதய நோயை இந்தச் சங்கிலிக்குள் நுழைத்தால் இடறும். பாதம் அழுகியதற்கு அது காரணமில்லை, உடலைப் பலவீனப்படுத்தியது மட்டும்தான். அப்படிப்பட்டவைக்கே இரண்டாம் பகுதி. கேஸ் ஷீட்டில் உள்ள எல்லா நோய்களையும் கொட்டும் இடமல்ல அது.

பலரும் காலியாக விடும் கால அளவுக் கட்டம் உண்மையில் நமக்கே உதவும் சரிபார்ப்பு. கீழே போகப்போகக் காலம் கூட வேண்டும், குறைந்தபட்சம் சமமாகவாவது இருக்க வேண்டும். ஏ வரியில் 14 வருடமும் சி வரியில் 1 நாளும் இருந்தால் வரிசை தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். சரியான தேதி தெரியாவிட்டால் தோராயமாக எழுதலாம்.

அப்புறம் சுருக்கெழுத்து. 'எம்.எஸ்.' என்றால் இதய டாக்டருக்கு மைட்ரல் வால்வு சுருக்கம், நரம்பியல் டாக்டருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். குறியீடு போடுபவர் எதை எடுப்பார்? முழுப் பெயரை எழுத அரை நிமிடம் போதும். புற்றுநோய் என்றால் எந்த உறுப்பில் தொடங்கியது என்பதும் வேண்டும். கல்லீரலுக்குப் பரவியதை மட்டும் எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போய்விடும். நோய் உறுதியாகவில்லை என்றால் 'அநேகமாக' என்று சேர்த்து எழுதலாம். குறியீட்டு விதிகள் அந்தச் சொல்லைக் கணக்கில் எடுப்பதில்லை. நோய் கணக்கில் ஏறிவிடும். சந்தேகத்துக்குப் பயந்து 'அரெஸ்ட்' என்று ஒதுங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

அதிகம் தவறிப்போவது விபத்து. பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிகிறது. படுத்த படுக்கையாகி மூன்று வாரத்தில் நிமோனியாவில் இறக்கிறார். 'நிமோனியா' என்று மட்டும் எழுதினால் அது சுவாச நோய்க் கணக்கு. பி வரியில் எலும்பு முறிவும், சி வரியில் 'வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தது' என்பதும் இருந்தால்தான் கீழே விழுந்து இறந்தவர்களின் எண்ணிக்கையில் பாட்டி சேர்வார். ஆனால் காயத்தில் தொடங்கிய மரணம் என்பதால், நீங்களாகக் காரணம் எழுதிக் கொடுப்பதற்கு முன் போலீசுக்குத் தகவல் போக வேண்டும். பல டாக்டர்கள் 'நிமோனியா'வோடு நிறுத்திக்கொள்வதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.