நாவில் கரையும் வாந்தித் தடுப்பு மாத்திரை

கீமோதெரபிக்கு முன் தரப்படும் ஒன்டான்செட்ரானில் நாவில் கரையும் வகை எளிதில் நொறுங்கிவிடும் என்பதால், அதை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்காமல், கையை ஈரமின்றித் துடைத்துக்கொண்டு, பின்புறத் தாளை உரித்து எடுக்க வேண்டும். நாவின்மேல் வைத்தால் சில நொடிகளில் கரைந்துவிடும். உமிழ்நீருடன் விழுங்கினால் போதும், தண்ணீர் தேவையில்லை.

வாயில் கரைந்தாலும் மருந்து பெரும்பாலும் குடல் வழியாகவே இரத்தத்தில் சேர்வதால், கரைந்தவுடன் குமட்டல் நிற்கும் என எதிர்பார்க்கக் கூடாது. சிகிச்சை 10 மணிக்குத் தொடங்குமானால், மருத்துவர் வேறு நேரம் குறித்திராத நிலையில், 9.30 மணிக்கே வைத்துக்கொள்வது வழக்கம். சோற்று வாசனைக்கே குமட்டுபவர்கள், மருத்துவர் அனுமதித்திருந்தால், உணவுக்கும் அதே அரை மணி இடைவெளியைக் கடைப்பிடிக்கலாம். மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் வாந்தி வந்தால், மருத்துவரைக் கேட்காமல் அடுத்ததை எடுக்கக் கூடாது. இம்மருந்தால் மலச்சிக்கல் வருவதுண்டு. பலர் அதைச் சொல்லத் தயங்குகிறார்கள்.