பழைய மோட்டாருக்கு விலை கேட்டு மெசேஜ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மோட்டாரைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னாலேயே "லாஸ்ட் பிரைஸ் எவ்வளவு அண்ணே?" என்று தட்டிவிடுவது முதல் தவறு. பார்க்காதவர் கேட்கும் விலைக்குக் காரணம் எதுவும் இருக்காது என்று விற்பவருக்குத் தெரியும். பாதிப்பேர் பதிலே போடமாட்டார்கள்.

பார்த்துவிட்டு வந்து எழுதுபவர்களும் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். சேன் தேய்ந்திருக்கிறது, டயர் பழசு, ரோட் டேக்ஸ் முடியப்போகிறது, சம்மன் பாக்கி என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, "500 வெள்ளி குறைங்க" என்பார்கள். இவை ஒரே வகைக் குறைகள் அல்ல.

ரோட் டேக்ஸ் காரணம் எடுபடவே எடுபடாது. 150 சிசி வரையிலான மோட்டாருக்கு அது ஆண்டுக்கு 2 வெள்ளிதான். இன்சூரன்ஸ் எப்படியும் உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டியது. அவருடையது நாளைக்கு முடிந்தால் உங்களுக்கு என்ன?

சம்மன், கடன் இரண்டுக்கும் தள்ளுபடி கேட்காதீர்கள். ஜேபிஜே கறுப்புப் பட்டியலில் இருந்தாலோ, கிராண்ட்டில் பேங்கின் உரிமை இன்னும் நீக்கப்படாமல் இருந்தாலோ பெயர் மாறாது. 300 வெள்ளி மலிவாக வாங்கினாலும் மோட்டார் அவர் பெயரில்தான் இருக்கும். அதனால் இவற்றை நிபந்தனையாக எழுதுங்கள். அவர் முடித்துக் கொடுத்தால்தான் பேச்சு.

விலை குறைக்க உதவுவது பழுதுச் செலவு மட்டுமே, அதுவும் கண்ணால் காட்டக்கூடியது. பின் ஸ்ப்ரோக்கெட்டின் பின்பக்கம் சேனைப் பிடித்து இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பினால் சேன் போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-இன் 23-வது வாரத்தில் செய்தது. இரண்டையும் படம் எடுத்து, வொர்க்ஷாப்பில் விலை கேட்டு வையுங்கள்.

ஜெலுத்தோங்கில் இருப்பவர், பட்டர்வொர்த்தில் 3,600 வெள்ளிக்குப் போட்டிருக்கும் ஓர் இஎக்ஸ்5-ஐப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வொர்க்ஷாப்பில் சேன் செட்டுக்கு 130, பின் டயருக்கு 110 சொல்லியிருக்கிறார்கள். மெசேஜ் இப்படிப் போகலாம்:

"வணக்கம் அண்ணே. நேத்து மோட்டார் பார்த்தேன், இன்ஜின் நல்லா இருக்கு. சேன் செட்டும் பின் டயரும் மாத்தணும், படம் அனுப்பியிருக்கேன். வொர்க்ஷாப்ல 240 சொன்னாங்க. 3,350-க்குக் கொடுக்க முடியுமா? சம்மன் பாக்கி இல்லன்னு ஸ்கிரீன்ஷாட்டும், கிராண்ட் படமும் அனுப்புங்க. எல்லாம் சரியா இருந்தா இந்த வாரமே ஜேபிஜே போய் பேர் மாத்திட்டு, அங்கேயே முழுப் பணமும் கொடுத்திடறேன்."

குறை மட்டும் சொல்லாமல் இன்ஜினைப் பாராட்டியிருப்பதைக் கவனியுங்கள். அது பொய்யாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். 3,350 கேட்டவருக்கு அவர் 3,400 சொன்னால் வாங்கிவிடலாம். கிராண்ட்டில் வேறொருவர் பெயர் இருந்து, "தம்பி மோட்டார்தான், அவன் வரமாட்டான்" என்றால், 3,000-க்குக் கொடுத்தாலும் வேண்டாம்.