‘போல’வை எடுத்தால் உருவகம் ஆகிவிடாது: உவமை, உருவகம் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எட். பயிற்சிக்கு வருகிறவர்கள் அணி இலக்கணம் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. பள்ளி கடலூரில். எட்டாம் வகுப்பில் முதுநகர், தேவனாம்பட்டினம் பிள்ளைகள் நிறைய. லீவு விட்டால் பண்ருட்டிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போகிறவர்களும் உண்டு. பாடம் இதுதான்: உவமையையும் உருவகத்தையும் அறிமுகம் செய்துவிட்டு, பிள்ளைகளைச் சொந்தமாக ஒன்று எழுதி அதற்குப் படமும் வரையச் சொல்ல வேண்டும். வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், தவறுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. என் பழைய பாடக்குறிப்பைத் தேடி எடுத்தால் அதிலும் பாதி இருக்கும். உவமானம் எது, உவமேயம் எது என்று குழம்புவதை இங்கே பேசப்போவதில்லை. அது நாலு வாக்கியம் எழுதினால் தானே தெளிந்துவிடும்.

நிலவை உதாரணமாகக் கொடுப்பது

கொடுத்தால் வகுப்பு முழுக்க நிலவுதான் திரும்பி வரும்.

‘போல’ இருந்தால் உவமை என்று அடிக்கோடு போடச் சொல்வது

‘மழை வரும் போல இருக்கிறது’ என்பதில் ‘போல’ இருக்கிறது. அது ஊகம். ‘அண்ணனைப் போல நானும் சைக்கிளில் வருகிறேன்’ என்பதிலும் இருக்கிறது. இரண்டு பேரும் சைக்கிளில் வருவது நிஜம். ஒன்றைக் காட்டி இன்னொன்றை விளங்கவைக்கும் வேலை அங்கே நடக்கவே இல்லை. அடிக்கோடு போடும் பிள்ளை இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் போடும், சொன்னபடி செய்ததாக நினைத்துக்கொள்ளும்.

இதன் மறுபக்கம் எனக்கு இன்னும் பிடிக்காதது. எங்கள் பக்கத்துப் பிள்ளை ‘தம்பி குரங்காட்டம் தாவுறான்’ என்று எழுதும். அது நல்ல உவமை. ‘ஆட்டம்’தான் அங்கே உவம உருபு. பயிற்சி ஆசிரியர் சிவப்பு மையில் அதை அடித்துவிட்டு ‘குரங்கு போல’ என்று மாற்றுவார், ‘மாதிரி’க்கும் அதே கதிதான். நன்னூல் 12 உவம உருபுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு ‘என்பவும் பிறவும்’ என்று இடம் விட்டிருக்கிறது. எழுத்து நடையைத் திருத்த வேண்டும் என்றால் அதைப் பிறகு, வேறு நாளில் செய்யலாம். உவமையைக் கண்டுபிடிக்கும் நாளில் அடித்தால், தான் எழுதியது உவமையே இல்லை என்று அந்தப் பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

‘போல’வை எடுத்துவிட்டால் உருவகம் என்று சொல்லிக்கொடுப்பது

இதைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கரும்பலகையில் ‘மலர் போன்ற முகம் – உவமை’ என்று எழுதுவார்கள். பிறகு டஸ்டரால் ‘போன்ற’ என்பதை மட்டும் அழிப்பார்கள். ‘பாருங்க, இப்போ மலர்முகம். போல போயிடுச்சு, உருவகம் ஆயிடுச்சு!’ வகுப்பும் ஆகா என்று தலையாட்டும்.

ஆகவில்லை. மலர்முகம் என்பது உவமைத்தொகை. உவம உருபு மறைந்து நிற்கிறது, அவ்வளவுதான். விரித்தால் மறுபடி மலர் போன்ற முகமே வரும். முகம் முகமாகவேதான் இருக்கிறது. மலர் அதற்கு அடைமொழி. உருவகம் வேண்டுமென்றால் வரிசை திரும்ப வேண்டும்: முகமலர். அதாவது முகமாகிய மலர். சொல்லவந்த பொருள் முன்னால், அது எதுவாக மாறியதோ அது பின்னால். உவமைக்கும் பொருளுக்கும் இடையே இருக்கும் வேற்றுமையை ஒழித்து இரண்டும் ஒன்றே என்று காட்டுவதுதான் உருவகம் என்று தண்டியலங்காரம் சொல்வதும் இதைத்தான்.

‘போல’ போனால் உருவகம் என்ற இந்தச் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், ஆங்கிலப் பீரியடிலிருந்து. ‘லைக்’, ‘ஆஸ்’ இருந்தால் சிமிலி, இல்லாவிட்டால் மெட்டஃபர் என்று அங்கே சொல்கிறார்கள். தொடக்கத்துக்கு அந்த மொழியில் அது ஓரளவு போதும். தமிழில் தொகை என்று ஒன்று நடுவில் இருப்பதால் இங்கே ஓடாது. இப்படிப் படித்த பிள்ளை பத்தாம் வகுப்பில் ‘இலக்கணக்குறிப்பு தருக: மலரடி’ என்று வந்தால் தயங்காமல் உருவகம் என்று எழுதும். மதிப்பெண் போகும். அதைவிட மோசம், சொந்தமாக எழுதச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு உருவகமே வராது. உருபு இல்லாத உவமைகள்தான் வரிசையாக வரும்.

சரி, எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வினைச்சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். உவமைத்தொகையில் வினை பொருளுக்கு உரியது: மலர்முகம் சிரித்தது. சிரிப்பது முகம். உருவகத்தில் வினை ஒப்புக்கு உரியதாக மாறிவிடும்: முகமலர் இதழ் விரித்தது. ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியை யாரும் நீந்த முடியாது. அதைக் கடலாக்கிவிட்டதால்தான் ‘நீந்துவர்’ என்ற சொல் அங்கே பொருந்துகிறது. ஒரு எச்சரிக்கை: ‘வாடியது’, ‘மலர்ந்தது’ மாதிரியான வினைகளை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். முகம் வாடும், பூவும் வாடும். எந்தப் பக்கம் என்று பிள்ளைகளுக்குப் பிடிபடாது.

போன முறை நடந்த ஒரு பாடத்தைச் சொல்கிறேன். பண்ருட்டியில் அத்தை வீடு உள்ள ஒரு மாணவி எழுதிய முதல் வாக்கியம் இது: ‘எங்க அத்தை கேக்குற கேள்வி பலாப்பிசின் மாதிரி ஒட்டிக்கும்.’ பலாப்பழம் அறுத்த கையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் கழுவினால் போகாது, எண்ணெய் தடவ வேண்டும். பொருள் கேள்வி, ஒப்பு பிசின், பொதுத்தன்மை ஒட்டுவது, உருபு ‘மாதிரி’. நான்கு உறுப்பும் இருக்கிற முழு உவமை.

பயிற்சி ஆசிரியர் வழக்கம்போல ‘மாதிரி’யை எடுக்கச் சொன்னார். ‘அத்தை ஒரு பிசின் கேள்வி கேட்டார்’ என்று வந்தது. நல்ல வாக்கியம், ஆனால் உவமைத்தொகை. கேட்கப்பட்டது கேள்விதான். அங்கே நிறுத்தி, ‘கேள்வியே பிசினா மாறிடுச்சுன்னு வச்சுக்கோ. இப்போ அது என்ன செய்யும்?’ என்று கேட்கச் சொன்னேன். பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினாள்: ‘அத்தையின் கேள்விப் பிசின் என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. நான் சிரித்துத் தப்பித்தேன்.’ முதல் வாக்கியம் உருவகம். கேள்வி கையில் ஒட்டாது, பிசின் ஒட்டும். இரண்டாவது வாக்கியத்தில் சிரிப்பு சிரிப்பாகவே நின்றுவிட்டது. ஒன்றை உருவகம் செய்து, அதோடு சேர்ந்த இன்னொன்றைச் செய்யாமல் விட்டால் அது ஏகதேச உருவகம். அந்தக் குறளிலும் பிறவி கடலாகிறது, இறைவனடி தெப்பம் ஆவதில்லை. அதனால் அது குறை இல்லை. ஆனாலும் ‘பிசின் எதுல போகும்?’ என்று மட்டும் கேட்டோம். கடைசியில் நோட்டில் இருந்தது: ‘அத்தையின் கேள்விப் பிசின் என் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. சிரிப்பு எண்ணெய் தடவித்தான் கழற்றினேன்.’ டஸ்டரால் அழித்திருந்தால் இந்த வாக்கியம் வந்திருக்காது.

‘என் தம்பி குரங்கு’ என்று எழுதினால் அது என்ன என்று கேட்பார்கள். உருவகம்தான். பொருள் முன்னால், ஒப்பு பின்னால், நடுவில் உருபு இல்லை. ஆனால் அங்கேயே நிறுத்தவிடாதீர்கள். குரங்கு என்ன செய்தது என்று அடுத்த வாக்கியம் வரட்டும்.

எழுதும் முன்பே படம் வரையணும் என்று அறிவிப்பது

அறிவித்த நிமிடமே பிள்ளைகள் வரைய எளிதானதைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். வட்டமாக இருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா, அவ்வளவுதான் யோசனை. உவமை பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பியம் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. செயல், அதனால் வரும் பயன், வடிவம், நிறம். படம் மனதில் இருக்கும் பிள்ளை கடைசி இரண்டிலேயே நின்றுவிடும். பலாப்பழத்தை வரையச் சொன்னால் முள்ளும் பச்சையும் வரும், பிசின் வராது.

எனவே முதல் பீரியடில் படப்பேச்சே வேண்டாம். ஒரு தாளை மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். நடுப்பத்தியில் முதலில் ஒரு வினையை எழுத வேண்டும்: ஒட்டும், வழுக்கும், கரையும், இழுக்கும். இடப்பக்கம் அதைச் செய்கிற மனிதரோ உணர்வோ, வலப்பக்கம் அதைச் செய்கிற ஒரு பொருள். ‘இழுக்கும்’ என்ற சொல்லுக்குத் தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகள் கரைவலையையும் அலையையும் அவர்களாகவே எழுதிவிடுவார்கள். வாக்கியம் முடிந்த பிறகு, அடுத்த பீரியடில் கலர் பென்சிலை வெளியே எடுக்கலாம்.

வரையும்போது ஒரே ஒரு விதி. உவமைக்கு இரண்டு படம்: இரண்டும் தனித்தனியாக, பொதுவான செயல் இரண்டிலும் தெரிய வேண்டும். உருவகத்துக்கு ஒரே படம், இரண்டும் ஒன்றாகிவிட்ட நிலை. நான் சொன்ன அந்தப் பெண்ணின் தாளில் மேல்பாதியில் அத்தை ஒரு பக்கம், பிசின் ஒட்டிய கை ஒரு பக்கம். கீழ்ப்பாதியில் அத்தையின் வாயிலிருந்து வெள்ளை நூலாகப் பிசின் இறங்கி, அதில் ஒரு கேள்விக்குறி வளைந்து, நுனி கையில் ஒட்டியிருந்தது. எந்தப் பிள்ளைக்கு வேறுபாடு புரியவில்லை என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். ‘முகமலர்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒரு பூவும் ஒரு முகமும் வரைந்திருந்தால், எழுதியது மனப்பாடம்.

இணையத்தில் எடுத்த படத்தை ஒட்டவிடுவது

வேண்டாம்.

படம் அழகாக இருப்பதற்கு மதிப்பெண் போடுவது

ஓவியம் வராத பிள்ளையின் கோட்டுச் சித்திரத்தில் பொதுத்தன்மை தெரிந்தால் அதற்கு முழு மதிப்பெண். ஷேடிங் எல்லாம் போட்டு அழகான ரோஜா வரைந்து, வாக்கியத்தில் ‘ரோஜா போன்ற அம்மா’ என்று மட்டும் இருந்தால், எந்த விதத்தில் என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுங்கள். ‘முள்ளு குத்துற மாதிரி திட்டுவாங்க சார்’ என்று பதில் வந்தால் அதையே எழுதச் சொல்லுங்கள், அம்மா கையெழுத்து வாங்கிவரச் சொல்லாதீர்கள்.