படிவம் 4 எழுதுவது எப்படி: இதய நோய் இல்லாமலே இதய நோய்க் கணக்கில் சேரும் மரணங்கள்

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால், மரணத்தின் காரணத்தை மருத்துவர் எழுதிப் பதிவாளருக்கு அனுப்பும் தாள்தான் படிவம் 4. குடும்பத்தார் வங்கியில் காட்டும் இறப்புச் சான்றிதழ் வேறு. அதில் காரணம் இருக்காது. முதன்முறை இந்தப் படிவத்தை நிரப்பப்போகும் இளம் மருத்துவர்களுக்காக ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம்.

62 வயதுப் பெண். 15 வருடமாகச் சர்க்கரை நோய், 10 வருடமாக இரத்த அழுத்தம். மூன்று வாரத்துக்கு முன் காலில் புண் வந்து அழுகியது. இரண்டு நாளாக இரத்தத்தில் கிருமி பரவி செப்சிஸ். அதிகாலையில் இதயம் நின்றது.

பலரும் எழுதுவது இதுதான்: "கார்டியோ ரெஸ்பிரேட்டரி அரெஸ்ட்". பொய்யில்லை. ஆனால் யார் இறந்தாலும் இதயமும் மூச்சும் நிற்கத்தான் செய்யும். அது சாகும் விதம், காரணம் அல்ல. படிவத்தில் வேறெதுவும் இல்லையென்றால், மரணக் காரணங்களுக்குக் குறியீடு தருபவர் ICD-10 நோய்ப் பட்டியலின் I46.9 என்ற குறியீட்டைத்தான் தர முடியும். அது இதய நோய்ப் பிரிவில் வரும் குறியீடு. சர்க்கரையால் இறந்தவர் இதய நோய்க் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிட்டுப் போவார்.

முதலில் கீழ் வரியை யோசியுங்கள்

முதல் பகுதியில் மூன்று வரிகள். மேல் வரி உடனடிக் காரணம். கீழே இறங்க இறங்க அதற்கு முந்தைய காரணம். கடைசியாக நிரப்பிய வரிதான் அடிப்படைக் காரணம்: எல்லாவற்றையும் தொடங்கிவைத்த நோய் அல்லது காயம். நாட்டின் மரணப் புள்ளிவிவரத்தில் ஒரு மரணத்துக்கு ஒரே காரணம்தான் எண்ணப்படும், அது இதுதான்.

அதனால் கேஸ் ஷீட்டைத் திறந்ததும் "கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கேட்காமல், "இது எங்கே ஆரம்பித்தது?" என்று கேளுங்கள். நம் நோயாளிக்கு விடை சர்க்கரை. அதைக் கீழே வைத்து மேலே ஏறினால்:

முதல் வரி: செப்சிஸ், 2 நாள்
இரண்டாம் வரி: காலில் கேங்ரீன், 3 வாரம்
மூன்றாம் வரி: டைப் 2 சர்க்கரை நோய், 15 வருடம்
இரண்டாம் பகுதி: இரத்த அழுத்தம், 10 வருடம்

இப்போது குறியீடு E11.5, இரத்த ஓட்டச் சிக்கலோடு கூடிய டைப் 2 சர்க்கரை. இதில் "டைப் 2" என்ற சொல்லுக்கும் வேலை இருக்கிறது. வெறும் "சர்க்கரை" என்று எழுதினால் வகை தெரியாத E14-க்குப் போய்விடும்.

எழுதியதைச் சோதிப்பது

கீழிருந்து மேலாக வாய்விட்டுப் படியுங்கள்: "சர்க்கரையால் கேங்ரீன், கேங்ரீனால் செப்சிஸ்." எங்கே "ஆல்" ஒட்டவில்லையோ அங்கே தவறு. "இரத்த அழுத்தத்தால் சர்க்கரை" என்று சொல்ல முடியாது. அதனால்தான் இரத்த அழுத்தம் இந்தச் சங்கிலியில் சேராமல் இரண்டாம் பகுதிக்குப் போனது. அது நிலைமையை மோசமாக்கியிருக்கலாம், தொடங்கிவைக்கவில்லை.

அடுத்து, கால அளவுக் கட்டம். அவசரத்தில் பெரும்பாலும் காலியாக விடப்படுவது இதுதான், ஆனால் இதைவிட எளிய சோதனை இல்லை. கீழே போகப் போகக் காலம் கூட வேண்டும்: 2 நாள், 3 வாரம், 15 வருடம். மேலே 15 வருடமும் கீழே 2 நாளும் இருந்தால் சங்கிலி தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். சரியான நாள் தெரியாவிட்டால் "சில வருடங்கள்" என்றாவது எழுதுங்கள்.

ஒரே வரியில் நான்கு நோய்களைக் காற்புள்ளி போட்டு அடுக்குவதும் கெடுக்கும். எது எதனால் வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தாளை மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது. அவர் விதிப்புத்தகத்தின்படி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், அது நீங்கள் நினைத்ததாக இல்லாமல் போகலாம். சுருக்கெழுத்தும் அப்படியே: "எம்.எஸ்." என்றால் மைட்ரல் ஸ்டெனோசிஸா, மல்டிபிள் ஸ்க்லிரோசிஸா?

காயம் இருந்தால்

குளியலறையில் வழுக்கி விழுந்த 78 வயது முதியவருக்குத் தொடை எலும்பு முறிகிறது. படுக்கையில் கிடந்து மூன்றாம் வாரம் நிமோனியாவில் இறக்கிறார். "நிமோனியா" என்று மட்டும் எழுதினால் விழுந்தது கணக்கிலிருந்தே மறைந்துவிடும். மேலே நிமோனியா, அடுத்து தொடை எலும்பு முறிவு, கீழே "வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தது" என்று எழுத வேண்டும். இங்கே அடிப்படைக் காரணமாக எண்ணப்படுவது முறிந்த எலும்பு அல்ல, விழுந்த நிகழ்வு. எப்படி விழுந்தார் என்று ஒரு சொல் இல்லாவிட்டால் குறியீடு தருபவருக்கு மிஞ்சுவது W19, அதாவது "விவரம் தெரியாத விழுதல்". மரண விதம் கேட்கும் கட்டத்தில் "இயற்கை" என்று குறிக்காமல் "விபத்து" என்று குறிப்பதும் இங்கேதான்.