ரேக் வாங்காமல் தீர்த்த தேக்கம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், எட்டு மணி நேர ஷிப்ட் முடியும்போது சால்டரிங்குக்கும் டெஸ்டிங்குக்கும் நடுவே 240 சர்க்யூட் போர்டு தேங்கிவிடும். இன்னொரு ரேக் வேண்டும் என்றார்கள். ஆனால் தேக்கம் அறிகுறிதான். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ சொன்ன ஏழு விரயங்களில் மிக மோசமானதான மிகை உற்பத்திதான் இதற்கு மூலம். ஒரு போர்டுக்கு சால்டரிங் 40 விநாடி, டெஸ்டிங் 60. கடைசியில் வந்த போர்டின் பிழை தெரிய நான்கு மணி நேரம் ஆகும்.

சரி, நடுவில் தலா 20 போர்டு பிடிக்கும் இரண்டு டிரே மட்டும் வைத்தேன். இரண்டும் நிரம்பினால் சால்டரிங் நிற்க வேண்டும். “மெஷின் சும்மா நிக்குதே தம்பி,” என்றார் சூப்பர்வைசர் அண்ணன். நிற்கட்டும், டெஸ்டிங் வேகத்துக்கு மேல் செய்து என்ன பயன்? இப்போது பிழை 40 நிமிடத்துக்குள் பிடிபடுகிறது. ஆனால் டெஸ்டர் பழுதானால் சீக்கிரமே முழு லைனும் நின்றுவிடும். அதனால் அதன் பராமரிப்பை இப்போது தள்ளிப்போடுவதில்லை.